ஏழு கைதட்டல்கள்

நேற்று இரவு எங்கள் மடிப்பாக்கம் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், "மோட்டார் சரியாகிவிட்டது, காலை 6 மணிக்குத் தண்ணீர் வரும்" என்று எழுதினேன். மூன்று நாள் மெக்கானிக்கின் பின்னால் அலைந்த எனக்கு மூன்றாவது மாடிக்காரர் அனுப்பிய பதில் இதோ: 👏👏👏👏👏👏👏. கூட ஒரு சொல்லும் இல்லை. எண்ணினேன், ஏழு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினேன், அப்போதும் ஏழுதான்.

"பாராட்டத்தானே செய்திருக்கிறார், பேசாமல் படுங்கள்" என்றாள் மனைவி. பாராட்டாம்! இரண்டாவது மாடிப் பெண் பிளஸ் டூவில் 600க்கு 591 எடுத்தபோது இதே மகானுபாவர் தட்டியது ஒரே ஒரு கை. பழைய செய்திகளை நள்ளிரவு வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன்: பொங்கல் கோலத்துக்கு ஒன்று, சொந்தப் பேரன் பிறந்ததற்கும் ஒன்று. பேரனுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஏழா?

அடுக்கிச் சொல்வது நமக்குப் புதிதன்று. "பாம்பு, பாம்பு" என்னும்போது பாம்பு ஒன்றுதான். இரட்டிப்பது நம் பதற்றம். எமோஜிக்குக் குரல் இல்லாததால், குரலை உயர்த்தும் வேலையை எண்ணிக்கை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விரைவைக் காட்ட அடுக்கும் சொல்லுக்கு மூன்றும், இசை நிரப்ப அடுக்குவதற்கு நான்கும் எல்லை என்று தொல்காப்பியமே வரம்பு கட்டியிருக்கிறது. கைப்பேசிக்கு அப்படி ஒரு வரம்பு இல்லாததுதான் வினை.

எண்ணிக்கை மட்டுமே கேலியாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சேப்பாக்கத்தில் கடைசிப் பந்தில் வென்ற இரவில் இருபது 🔥 வந்தாலும் ஒருவரும் புண்படுவதில்லை, ஏனெனில் அந்த வெற்றி இருபதையும் தாங்கும். எங்கள் பெரியம்மா காலை வணக்கத்துக்கே ஒன்பது 🙏 போடுவார். அவருக்கு ஒன்பது என்பது நமது ஒன்று, அவர் ஒன்றே ஒன்று போட்டால்தான் பயப்பட வேண்டும். நிகழ்ச்சி தாங்கும் அளவையும் அனுப்புபவரின் வழக்கத்தையும் ஒருசேர மீறி, துணைக்கு ஒரு சொல்லும் இல்லாமல் வந்து நிற்கும்போதுதான், "இவ்வளவு தட்டும்படி என்ன செய்துவிட்டோம்" என்று படிப்பவன் யோசிக்கத் தொடங்குகிறான். யோசிக்க வைத்த பாராட்டு அதன்பின் பாராட்டாக இருப்பதில்லை. அதிலும் கைதட்டலுக்கு, மேடையில் உளறுபவரை இறக்கிவிடத் தட்டும் பழக்கமும் நம்மூரில் உண்டு.

தொல்காப்பியர் வரம்பை மீறாமல் 🙏🙏🙏🙏 என்று நான்கு மட்டும் அனுப்பிவிட்டு, நான்காவதில் இருந்த குத்தல் அவருக்கு உறைத்திருக்கும் என்ற நிம்மதியில் தூங்கினேன்.

காலை 6 மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. குழுவில் அதைத் தெரிவித்த மறு நொடியே மூன்றாவது மாடியிலிருந்து பதில் வந்தது: 👏. ஒன்றே ஒன்று. நான் விடிய விடிய வகுத்த இலக்கணத்தின்படி இது மனமார்ந்த பாராட்டு. காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.