யூஎஸ்எஸ்டி செய்தி காத்திருக்காது

யூஎஸ்எஸ்டி என்பது *, # சேர்ந்த எண்ணை அழுத்தினால் போன் திரையில் வரும் மெனு. வெள்ள எச்சரிக்கை போன்ற தகவல்களை அனுப்ப அதைப் பரிந்துரைக்கும் ஒரு குறிப்பு இப்படிச் சொல்கிறது: “இணையம் இல்லாதவர்களுக்கு யூஎஸ்எஸ்டி மெனு ஒன்றே போதும். போன் அணைந்திருந்தாலும் தகவல் பிறகு வந்துவிடும், எஸ்எம்எஸ் சந்தா தேவையில்லை.”

இதில் போன் அணைந்திருப்பது பற்றிய பகுதி சரியல்ல, அதனால் எஸ்எம்எஸ் சந்தா தேவையில்லை என்பதும் நிற்காது. எஸ்எம்எஸ் முதலில் மொபைல் நிறுவனத்தின் செய்தி மையத்தில் சேமிக்கப்படும். போன் திரும்ப நெட்வொர்க்கில் சேர்ந்ததும், செய்தியின் காலக்கெடு முடியாதிருந்தால், வந்து சேரும். யூஎஸ்எஸ்டி அப்படியல்ல, தொலைபேசி அழைப்பு போல. இரு பக்கமும் இணைப்பில் இருக்கும்வரைதான் பேச்சு நடக்கும்.

நாம் எண்ணை அழுத்தாமலே, நிறுவனமே யூஎஸ்எஸ்டி செய்தியைத் தள்ளிவிடவும் முடியும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் போன் அணைந்திருந்தால் அது தோல்விதான், அதை எடுத்துவைக்க நடுவில் யாருமில்லை. இரவில் அனுப்பும் வெள்ள எச்சரிக்கை, காலையில் போனைப் போடுபவருக்குக் கிடைக்காமலே போகும். அதனால்தான் அந்தக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீங்களே பார்க்கலாம். அணைந்திருக்கும் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதைப் போடுங்கள். செய்தி வரும். அப்புறம் உங்கள் நிறுவனத்தின் மெனு எண்ணை அழுத்தி, பட்டியல் வந்ததும் பதில் தராமல் விடுங்கள். சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும், இன்பாக்ஸிலும் அந்தப் பட்டியல் இருக்காது. சில சேவைகள் முடிவில் ஓர் உறுதிச் செய்தி அனுப்பும். அது தனியாக வரும் எஸ்எம்எஸ்.

கேட்டறிய மெனு நல்லது, எச்சரிக்கைக்கு எஸ்எம்எஸ் சந்தா. இரண்டில் எது மலிவு என்பது நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.