மாத்திரையைக் கூட்டும் உரிமையை நர்ஸுக்குக் கொடுங்கள்

நான் டாக்டராக இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் பி.பி. மாத்திரை வாங்க வரும் ஒரு அம்மாவின் நோட்டைப் போன வருடம் ஒருநாள் முன்பக்கத்திலிருந்து புரட்டினேன். 58 வயது, முழங்கால் வலிக்காரர். 158/94, 162/96, 156/92, 164/94, 160/94. ஐந்து மாதம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம்லோடிபின் 5 மி.கி., அதற்குக் கீழே "சி.எஸ்.டி.". அதாவது பழைய மருந்தே தொடரட்டும். ஐந்து கையெழுத்தில் நான்கு என்னுடையவை.

அலட்சியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. நடந்தே வந்தார், மூச்சு வாங்கியது. இன்றைக்கு மாத்திரை போடவில்லை என்றார். வெளியே நூறு பேர் நின்றார்கள். சரி, அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம்தான். ஐந்தையும் சேர்த்தால் சிகிச்சையே நடக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலைக்கு நான் சரியான ஆள் இல்லை. பி.பி. பார்ப்பவர் நர்ஸ், மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பார்மசிஸ்ட். டோஸைக் கூட்டும் முடிவும் அவர்களிடம் இருக்க வேண்டும். இப்போதைக்குச் சட்டப்படி சீட்டில் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பதால் நாங்கள் ஒரு நடுவழி கண்டோம். எந்த மருந்தை எப்போது கூட்டுவது என்ற படிகளை நான் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எந்தப் படி என்று நர்ஸ் குறித்து அனுப்புவார், நான் உடனே கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான்.

அந்த அம்மாவையே எடுத்துக்கொள்வோம். நர்ஸ் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை மேசைமேல் தாங்கலாக வைத்து, பேச விடாமல் இரண்டு முறை பார்த்தார். இரண்டும் 160க்குப் பக்கம். 140/90க்கு மேல் இருந்தால் அடுத்த படி. ஆனால் ஏறுவதற்கு முன் மாத்திரை உள்ளே போகிறதா என்று தெரிய வேண்டும். அதைப் பார்மசிஸ்ட் பார்த்தார். பழைய அட்டை காலி, ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். அப்புறம், "வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக், தினமும் ஒன்று. அது பி.பி.யை ஏற்றும் மருந்து. ஐந்து மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது.

வலிக்குப் பாராசிட்டமால் மாற்றிக் கொடுத்து, கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் எடுத்து, டெல்மிசார்டன் 40 என்ற இன்னொரு பி.பி. மாத்திரையைச் சேர்த்தோம். 30 நாள் கழித்து 146/86. டெல்மிசார்டன் 80. அதற்கடுத்த மாதம் 132/80. அதிலும் நிற்கவில்லையென்றால் நான்காவது படியாகக் குளோர்தாலிடோன் 12.5 இருந்தது, தேவைப்படவில்லை.

"நர்ஸ் எல்லாம் மருந்து கூட்டினால் ஆபத்தாகாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள், டாக்டர் நண்பர்கள்தான் அதிகம். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்கள் போகும் முடிதிருத்தும் கடைகளிலேயே பார்மசிஸ்டுகளை உட்காரவைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் முடிவு வெளியானது. டாக்டர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மருந்தை எழுதியதும் கூட்டியதும் பார்மசிஸ்டுகள். பொட்டாசியத்தைக்கூடக் கடையிலேயே பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிய குழுவில் ஏறக்குறைய 9. உலக சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டுதலில் நர்ஸும் பார்மசிஸ்டும் மருந்து கொடுக்கலாம் என்றே சொல்கிறது. பயிற்சி, எழுதிவைத்த நெறிமுறை, டாக்டரின் மேற்பார்வை, மருந்து எழுதும் அதிகாரம் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம்மிடம் இல்லாதது கடைசியில் சொன்னதுதான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பமாக வாய்ப்புள்ளவர்களுக்கும் டெல்மிசார்டன் கூடாது; சுவரில் அதைச் சிவப்பு மையில் எழுதினோம். 180க்கு மேல் போய் நெஞ்சுவலியோ கைகால் மரப்போ இருந்தால் படியெல்லாம் கிடையாது, நேராக என்னிடம்.

ஒன்றை மட்டும் நான் எழுத மறந்தேன். மூன்றாம் படியில் இருந்த 76 வயதுத் தாத்தா ஒருவர், உட்கார்ந்தால் 128, பிரமாதம். காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது என்று போகிற போக்கில் பார்மசிஸ்டிடம் சொல்லியிருக்கிறார். நர்ஸ் நிற்கவைத்துப் பார்த்தார், 104. என் அறைக்கு வந்து, "சார், ஏறுறதுக்குத்தான் படி எழுதியிருக்கீங்க, இறங்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார்.

அன்று மாலையே சுவரில் இன்னொரு தாள் ஒட்டினோம். அதை எழுதியது அவர். நான் கையெழுத்துப் போட்டேன்.