என் 11 நிமிடத்தைப் பார்த்தார்கள், என் வண்டியைப் பார்க்கவில்லை

"அந்த நாள் பதிவு அழிஞ்சு போச்சுங்க மேடம்." இன்று காலை எனக்குக் கிடைத்த பதில் இது. எட்டு நாள் அலைந்ததற்கு!

போன செவ்வாய் மாலை வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனால், என் ஸ்கூட்டர் பக்கவாட்டில் கிடக்கிறது. முன் மட்கார்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே தூணில் மூன்றாம் நம்பர் கேமரா. செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். "எச்.ஆர். சொன்னாத்தான் காட்டுவேனுங்க" என்றார். எச்.ஆரில் மெயில் போடச் சொன்னார்கள், போட்டேன். வியாழக்கிழமை, "ஐ.டி.யிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி வந்தது. ஐ.டி. என்று எங்களுக்குத் தனியாக யாரும் இல்லை, கேமரா மாட்டிய கடைக்காரர்தான். அவர் வெளியூர் போயிருந்தார். சனி போயிற்று, ஞாயிறு போயிற்று, திங்களும் போயிற்று. இன்று வந்தார், கேமரா பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியைத் தட்டினார், அழிந்துவிட்டது என்றார்.

அழியத்தானே செய்யும்? எட்டு கேமரா இரவு பகலாக ஓடுகிறது. எங்கள் செட்டிங்கில் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 ஜிபி ஆகிறது என்று அவரே சொன்னார். எட்டுக்கும் சேர்த்தால் 160. உள்ளே இருப்பது 1 டிபி டிஸ்க். ஆறு நாளில் நிறைந்து பழையதன் மேல் புதியது ஏறிவிடும். நான் கேட்ட அன்றே அந்த ஒரு மணி நேரத்தைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அதைச் செய்ய வேண்டியவர் யார் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சரி, யாருக்கும் பார்க்க உரிமை இல்லை என்றுதான் காட்டவில்லை போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். போன மாதம் என் மேனேஜர் வீட்டிலிருந்து போன் போட்டு, "11 நிமிஷமா சீட்டுல இல்லையே, எங்க போனீங்க?" என்று கேட்டார். நான் ரெஸ்ட் ரூமில் இருந்தேன். ஆறாம் நம்பர் கேமரா சரியாக அந்த வழியைத்தான் பார்க்கிறது. யார் போகிறார், எப்போது திரும்புகிறார், எல்லாம் அவர் செல்போனில் தெரியும். அவருக்கு மட்டுமா? admin என்று ஒரே ஒரு லாகின். அதன் பாஸ்வேர்டு மேனேஜரிடம், இரண்டு சூப்பர்வைசர்களிடம், அப்புறம் அந்தக் கடைக்காரரிடம் இருக்கிறது. பேக்கிங்கில் ஒரு தங்கச்சி மதியம் தலைசாய்த்துத் தூங்கியதை வெட்டி வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். யார் எடுத்தது என்று கேட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் டி.வி.ஆர். லாகில் ஒரே பெயர்தான் நிற்கும்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் இருக்கும் கேமரா 'கொள்கை' வாசலில் ஒட்டிய ஒரு வரிதான்: "இந்த வளாகம் கண்காணிப்பில் உள்ளது." எதற்காக என்று இல்லை. திருட்டுக்கும் விபத்துக்கும் மாட்டியது என்றால் அப்படியே எழுதுங்கள். எழுதிவிட்டால், என் 11 நிமிடத்தை எண்ண அதைப் பயன்படுத்தக் கூடாது. எந்தெந்த இடத்தில் கேமரா, எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். போட்டால் ஆறாம் நம்பரை நியாயப்படுத்த உங்களுக்கே வாய் வராது, திருப்பித்தான் ஆக வேண்டும். நேரலை பார்ப்பவர் யார், பழைய பதிவைப் பார்ப்பவர் யார், காப்பி எடுப்பவர் யார் என்று தனித்தனி லாகின் கொடுங்கள். அந்த டி.வி.ஆரிலேயே அதற்கு வசதி இருக்கிறது, பத்து நிமிட வேலை. யாராவது பதிவு கேட்டால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதியை எடுத்து வைத்துவிட வேண்டும், அப்புறம் எத்தனை நாள் வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

"சட்டம் இருக்கே" என்கிறார் பக்கத்து சீட் அண்ணன். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நானும் படித்தேன். வேலை தொடர்பான காரணத்துக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் நம் சம்மதம் இல்லாமலேயே நம் தரவைக் கையாளலாம் என்று அதில் விலக்கே இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதனால்தான் கம்பெனிக்குள் எழுதி வைக்கும் அந்த ஒரு தாள் எனக்கு வேண்டும்.

மட்கார்டுக்கு என் கைக்காசுதான் போகிறது. அந்த வண்டி ஷெட்டின் தகரம் ஒழுகுகிறது என்று போன மழைக்கே எழுதிக் கொடுத்தேன். இன்றும் என் சீட்டு நனைந்துதான் கிடந்தது. அதையாவது ஏறிப் பாருங்களேன்!