மகனைச் சேர்க்கச் சொன்னால் அம்மாவை மாற்றிவிட்டது

ஏஐ படச் செயலியில் பொங்கல் வாழ்த்து அட்டை செய்யச் சொல்லித்தரும் பிராம்ப்ட் பதிவுக்குக் கீழே நேற்று ராத்திரி நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. மேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், கத்தாரில் வேலை பார்க்கும் தம்பியை ஊர் வீட்டுப் படத்தில் சேர்த்து அட்டை செய்திருந்தார். எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிற அதே ஒற்றை வரி பிராம்ப்ட்தான்: ‘இந்தப் பையனை அவன் அப்பா அம்மா நிற்கும் படத்தில் சேர்த்து அழகான பொங்கல் வாழ்த்து அட்டை செய்.’ நான் கீழே எழுதியது ஒரே வரி: ‘தம்பி நன்றாக வந்திருக்கிறார், அம்மா முகம் மாறிப்போச்சு.’ அதற்குத்தான் அத்தனை பேச்சு. ‘அம்மா இளமையாத்தானே இருக்காங்க, உங்களுக்கு ஏன் எரியுது’ என்றார் ஒருவர். ‘ஸ்டுடியோ பிழைப்பு போயிருமேன்னு பயம்’ என்றார் இன்னொருவர்.

என் பிழைப்பை விடுங்கள். அந்த அம்மாவைப் பற்றிப் பேசுவோம்.

அந்த அக்காவிடம் கேட்டு அசல் படத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அம்மா இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கிறார். அட்டையில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. முன்பல் கொஞ்சம் எடுப்பு, அது வரிசையாகிவிட்டது. நிறம் ஒரு படி வெளுத்திருக்கிறது. அப்பாவுக்கு இடது தோள் இறங்கியிருக்கும், மூட்டை தூக்கிய உடம்பு. அட்டையில் இரண்டு தோளும் சமமாக நிற்கின்றன. திண்ணைச் சுவரில் மாலை போட்ட அப்பத்தா படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அட்டையில் அந்தச் சட்டத்துக்குள் இருப்பது யாரென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. போதாததற்கு, தம்பி ஷூ காலோடு கோலத்தை மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

ஒரு மகனைச் சேர்க்கச் சொன்னால், அது அம்மாவை எடுத்துவிட்டு வேறு யாரையோ நிறுத்தியிருக்கிறது. நான் சொல்வது இது ஒன்றுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டு சண்டை போடுங்கள். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை, நாம் கொடுக்கிற படத்தின் மேல் மகனை வெட்டி ஒட்டுவதில்லை. இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் முதலிலிருந்து புதிதாக வரைகின்றன. சுவர், கோலம், அம்மா, அப்பா எல்லாமே புதிதாக வரைந்ததுதான். முகம் பெரிதாக இருக்கும் படத்தில் ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் பொங்கல் படம் எப்படி எடுக்கிறோம்? வீட்டு முகப்பு முழுக்கத் தெரிய வேண்டும், கரும்பு தெரிய வேண்டும், பானை தெரிய வேண்டும் என்று தள்ளி நின்று எடுக்கிறோம். 4000 பிக்சல் புள்ளி அகலமுள்ள படத்தில் அம்மா முகம் 160 புள்ளி இருந்தாலே அதிகம். செயலி அதை ஆயிரம் புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வரைந்தால் முகத்துக்குக் கிடைப்பது 40 புள்ளி. அதற்குள் இரண்டாவது மூக்குத்தி எங்கே நிற்கும்? இல்லாததை அது தன் ஊகத்தில் நிரப்புகிறது. அதன் ஊகத்தில் அம்மா என்றால் சிவப்பாக, சுருக்கமில்லாமல், வரிசைப் பல்லோடு இருக்கிறாள். எங்கள் பக்கத்து அம்மாக்கள் அப்படி இல்லை.

‘அழகா செய்’ என்று ஒரு சொல்லைப் போட்டால் இது இன்னும் மோசமாகும். அந்தச் சொல்லைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

என் அப்பாவும் இந்த வேலைதான் செய்தார். அந்தக் காலத்தில் சபுராளியாக வெளிநாடு போனவர்களைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி வருவார்கள். மகன் படத்தை பிளேடால் ஓரம் பிசகாமல் வெட்டுவார். வெட்டிய துண்டின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஓரத்தை மெலிதாக்குவார். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் நிழல் கோடு விழும். குடும்பப் படத்தில் ஒட்டி, ஓரத்தில் பிரஷ்ஷால் சாயம் தொட்டு, அதை மறுபடி கேமராவில் எடுத்து பிரிண்ட் போடுவார். பக்கத்தில் நிற்கிற அம்மா முகத்தில் அந்த பிரஷ் படாது. யாராவது ‘அண்ணே, ஆத்தாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கிருங்க’ என்று கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். ‘ஒம் மகன் அங்க உக்காந்து இந்தப் படத்தத்தான் பாப்பான். அவனுக்கு ஆத்தா தெரிய வேணாமா’ என்று கேட்பார். எனக்கு நேற்று வந்த கோபம் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, குறை மட்டும் சொல்கிறேன் என்பவர்களுக்காக, அதே அட்டையை நான் எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

முதலில் தம்பியிடம் வேறு படம் கேட்டேன். அவர் கொடுத்திருந்தது செல்ஃபி. கை நீளத்தில் எடுப்பதால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கிவிடும். சில போன்களில் இடம் வலமும் மாறிவிடும். ரூமில் இருக்கும் நண்பரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவை நெஞ்சு உயரத்தில் பிடித்து, தலை முதல் கால் வரை எடுக்கச் சொன்னேன். வெறுங்கால், வேட்டி சட்டை. பகலில், ஜன்னல் அவருடைய வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்.

வலது கை ஏன்? வீடு கிழக்குப் பார்த்தது. படம் எடுத்தது முன்பொரு பொங்கலில், தை முதல் நாள் காலை. அப்போது சூரியன் நேர் கிழக்கில் இல்லை, தெற்கே ஒதுங்கியிருக்கும். கிழக்கே பார்த்து நிற்பவருக்கு அது வலப் பக்கம். அப்பா அம்மா முகத்தில் வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் விழுந்திருக்கிறது. தம்பிக்கு மட்டும் தலைக்கு மேல் டியூப் லைட் வெளிச்சம் இருந்தால் எந்தச் செயலியில் போட்டாலும் ஒட்டவைத்த மாதிரித்தான் தெரியும்.

அப்புறம் பிராம்ப்ட். தமிழிலேயே கொடுத்தேன்:

```
முதல் படம் வீடு. இரண்டாம் படம் மகன்.
மகனை அப்பாவின் இடப் பக்கம், ஒரு முழம் தள்ளி நிறுத்து.
அப்பாவின் தலை உச்சி மகனின் காது உயரத்துக்கு வர வேண்டும்.
வெறுங்கால். கோலத்துக்கு வெளியே, மண் தரையில் நிற்க வேண்டும்.
வெளிச்சமும் நிழலும் முதல் படத்தில் உள்ள திசையிலேயே.
அப்பா, அம்மா முகம், நிறம், உடை, கோலம், சுவர்ப் படம்
எதையும் மாற்றாதே. அழகுபடுத்தாதே. எழுத்து எதுவும் வேண்டாம்.
```

உயரத்தைச் சொல்லாவிட்டால் அது எல்லோரையும் ஒரே உயரமாக்கிவிடும். எழுத்து வேண்டாம் என்றது, இவற்றில் பல இன்னும் தமிழ் எழுத்தை ஒழுங்காக வரைவதில்லை என்பதால். ‘பொங்கல்’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். வாழ்த்தை நாமே தமிழ் எழுத்துருவில் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ‘மாற்றாதே’ என்று எழுதிவிட்டால் மாற்றாது என்று நம்பிவிடாதீர்கள். குறையும், நிற்காது. முழுப் படத்தையும் திரும்ப வரைகிற வேலையில் அது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அதனால் கடைசியில் கை வேலை ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். லேயர் வசதியுள்ள எந்தப் படச் செயலியிலும் அசல் வீட்டுப் படத்தைக் கீழே வையுங்கள். புதிதாக வந்ததை மேலே வைத்து, கதவு நிலையும் திண்ணை விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி அளவைச் சரிசெய்யுங்கள். பிறகு மேல் படத்தில் மகனையும் தரையில் விழும் அவர் நிழலையும் மட்டும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். கீழேயிருந்து அசல் அம்மா வந்துவிடுவார், அசல் கோலமும் அப்பத்தாவும் வந்துவிடுவார்கள். மகனை யார் மேலும் உரசாமல் ஒரு முழம் தள்ளி நிறுத்தச் சொன்னது இதற்குத்தான். தோளில் கை போட்டிருந்தால் வெட்டுவது சிரமம். இன்னொரு லாபமும் உண்டு. 4க்கு 6 அங்குல அட்டை தெளிவாக அச்சாக 1200க்கு 1800 புள்ளி வேண்டும். அடியில் இருப்பது அசல் படம் என்பதால் பெற்றோர் முகம் அச்சில் மங்காது.

அட்டை மாறியிருக்கிறதா என்று பார்க்கவும் இதே வழிதான். மேல் படத்தை மறைத்து, காட்டி, மறைத்துப் பாருங்கள். எது துள்ளுகிறதோ அது மாறியிருக்கிறது. மேலூர் அட்டையில் முதலில் துள்ளியது அம்மாவின் வாய்.

இப்போது, ‘இதுவே பொய், பொய்யில் என்ன அசல் வேண்டிக்கிடக்கு’ என்று கேட்டவருக்கு. மகன் அங்கே இல்லை என்பது அட்டையைப் பார்க்கிற அத்தனை சொந்தத்துக்கும் தெரியும். யாரையும் ஏமாற்றவில்லை. இருந்திருந்தால் இப்படி நின்றிருப்பான் என்று ஒரு ஆசை. அந்த ஆசையில் அம்மா அம்மாவாக இருக்க வேண்டாமா?

‘பெத்தவங்க முகத்தை முன்பின் தெரியாத செயலியில் ஏத்தலாமா’ என்ற கேள்வி நியாயமானது. விருப்பமில்லாதவர்கள் மகனை மட்டும் வெட்டி, பழைய முறையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதுவும் நன்றாகத்தான் வரும்.

‘இவ்வளவு பாசம் இருந்தா லீவு போட்டு வரவேண்டியதுதானே’ என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அங்கே பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. அந்தத் தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர் லீவு, அதுவும் கம்பெனி சொல்லும் மாதத்தில். போன முறை கிடைத்தது நடு ஆடியில். அக்கா கல்யாணக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டில் கரும்பு கட்டுகிற வேலையை எழுபது வயது அப்பா செய்துகொண்டிருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். வரமுடியாதவன் ஒரு படத்தில் நிற்க ஆசைப்பட்டான். அதைக்கூட ஒழுங்காகச் செய்துகொடுக்காமல், அவன் அம்மாவை மாற்றிக்கொடுத்துவிட்டு, ‘இளமையா இருக்காங்க’ என்று சிரிக்கிறீர்கள். அந்த அம்மா அட்டையைக் கையில் வாங்கி ‘இதுல நான் எங்க இருக்கேன்’ என்று கேட்டதாக அக்கா சொன்னார். கேலியாகக் கேட்கவில்லை, தேடியிருக்கிறார்.

அந்த பிராம்ப்ட்டைப் போட்டவரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பதிவு நிறையப் பேரிடம் போய்விட்டது, போகிக்குள் இன்னும் போகும். ‘அழகான’ என்பதை எடுத்துவிட்டு, பெற்றோர் முகத்தை மாற்றாதே என்ற வரியைச் சேருங்கள். அசலை அடியில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். முடியாதென்றால் பதிவை எடுத்துவிடுங்கள். அட்டை செய்து முகம் மாறிப்போனவர்கள் அசல் படத்தை எனக்கு அனுப்பலாம். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இதற்குக் காசு வாங்கப்போவதில்லை.