ஆர்சிஎஸ் போகலேன்னா எஸ்எம்எஸ்ல என்ன போகும்?

"ஆர்சிஎஸ் போகலேன்னா அதே மெசேஜ் படம், பட்டனோட எஸ்எம்எஸ்ஸா தானா போயிரும்."

அப்படிப் போகாது அண்ணாச்சி. ஆர்சிஎஸ்ங்கிறது படம், பட்டன் எல்லாம் வெச்சு நெட் வழியா போற மெசேஜ்; அந்தப் படமும் பட்டனும் எஸ்எம்எஸ்ல ஏறாது. மாற்று வாசகத்தை நாமதான் தனியா எழுதிக் கொடுக்கணும். அது வியாபார எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதியுற டிஎல்டி தளத்துல பதிஞ்ச டெம்ப்ளேட்டோட அச்சு அசலா பொருந்தலேன்னா ஆபரேட்டர் தடுத்திருவாங்க. "கீழே உள்ள பட்டனை அமுக்கவும்"னு இருந்தா லிங்க்கா மாத்துங்க. அந்த லிங்க்கும் டிஎல்டியில பதிஞ்சிருக்கணும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துன்னு மேல ஒருத்தர் சொன்னது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழ்ல 70தான், தாண்டினா துண்டுக்கு 67. "திருநெல்வேலி" கண்ணுக்கு 6 எழுத்து, கணக்குல 12. ஏன்னா கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். மொத்தம் 140 வந்தா 3 எஸ்எம்எஸ் காசு.

பாளையங்கோட்டை அக்கா, உங்க கஸ்டமருக்கு ஒரே மெசேஜ் ஆர்சிஎஸ், எஸ்எம்எஸ் ரெண்டுலயும் வருதுன்னா, ஆர்சிஎஸ்ஸை ரத்து பண்ணாமலே எஸ்எம்எஸ் கிளம்பியிருக்கலாம். ரெண்டோட டெலிவரி நேரத்தையும் போடுங்க, பாத்துச் சொல்லுதேன்.