அந்தத் தம்பிக்கு அணிந்துரை எழுதித் தரவில்லை, ஏன்?

போன மாதம் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஸ்பைரல் போட்ட கட்டு. 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஐந்து வருடமாக எழுதிய புத்தகம். ஜூலை 10ஆம் தேதி, நினைவுத்தூணுக்கு மாலை போடுகிற அன்றைக்கே வெளியிட வேண்டும் என்று ஆசை. "ஐயா, அணிந்துரை நாலு பக்கம் போதும். பின்னட்டைக்கு நாலு வரி. பத்து நாளில் கிடைச்சா பிரஸ்ல குடுத்துடுவேன்" என்றான்.

முழுசாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன், நாலே நாளில் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன். நாலாம் நாள் கூப்பிட்டு, எழுத முடியாது என்று சொன்னேன்.

ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் கேட்டார் என்று மூன்று அத்தியாயம் மட்டும் படித்துவிட்டு ஒரு வரலாற்று நூலுக்கு அணிந்துரை கொடுத்தேன். ஆரணியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "உங்க பேரைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஏழாம் அத்தியாயம் பூரா வேறொருத்தர் கட்டுரைங்க, வரிக்கு வரி." எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அணிந்துரைக்குப் பழைய பெயர் பாயிரம். அதை யார் சொல்லலாம் என்று நன்னூலில் பவணந்தியார் நாலு பேரைச் சொல்கிறார்: நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு படித்தவன், அவன் மாணவன், அந்த நூலுக்குத் தகுந்த உரைகாரன். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் உடன் படித்தவர் என்பதே மரபு. நாலு பேருமே நூலையோ, அது உருவான விதத்தையோ உள்ளிருந்து அறிந்தவர்கள். ஊரில் பெயர் பெற்றவர் என்று ஐந்தாவதாக ஒருவர் அந்தப் பட்டியலில் இல்லை. நான் சிறுகதை எழுதுகிறவன். வேலூர்க் கோட்டையைச் சுற்றியே வளர்ந்தேன் என்பதால் 1806க்கு உரைகாரன் ஆகிவிட மாட்டேன்.

எனக்குத் தெரிந்த அளவுக்கே சில இடங்கள் இடறின. புரட்சியை அடக்க ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தது "மறுநாள்" என்று இருந்தது. அவர் வந்தது அதே நாள் காலையில். புரட்சி அவ்வளவு சீக்கிரம் அடங்கியதற்கே அது ஒரு முக்கியக் காரணம். ஒரு நாள் தள்ளிப்போனால் கதையே மாறிவிடுகிறது. இன்னொரு பக்கத்தில், கோட்டைக்குள் செத்த சிப்பாய்கள் இத்தனை பேர் என்று அடித்துச் சொல்லியிருந்தான். அந்த எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். யூடியூப்பில் ஒருவர் பேசினாராம். என் கண்ணுக்குத் தெரிந்ததே இவ்வளவு என்றால், தெரியாதது எத்தனை இருக்கும்? அதற்கெல்லாம் சேர்த்துத்தானே நான் கையெழுத்துப் போடுகிறேன்?

அவன் எழுத்தில் குறை சொல்ல மாட்டேன். புதுத் தலைப்பாகை உத்தரவு வந்தபோது சிப்பாய்களுக்குள் நடந்த பேச்சை அவன் எழுதிய இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதையும் அவனிடம் சொன்னேன். ஆனால் போனில், வாயால் மட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாராட்டு வரி மறுமாதம் பின்னட்டையில் அச்சாகி வருவதை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பிழைக்குறிப்புகளை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தபோதும் மேலே "அச்சிட அல்ல" என்று எழுதினேன்.

"பார்க்கலாம்", "கொஞ்சம் வேலை இருக்கு" என்று இழுக்கிற பெரியவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. பிரஸ்ஸில் பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்து ஒரு பாரம் என்று ஓட்டுவார்கள். அவன் புத்தகம் மொத்தம் 208 பக்கம், அதாவது 13 பாரம். அணிந்துரைக்கு விட்ட நாலு பக்கம் முதல் பாரத்தில் இருக்கிறது. அது வராமல் அந்தப் பாரம் ஓடாது. நாம் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். அவன் கடன் வாங்கிய காசு பிரஸ்ஸில் அட்வான்ஸாகக் கிடக்கும்.

தம்பிக்கு முகம் வாடியது குரலிலேயே தெரிந்தது. "அப்போ அந்த நாலு பக்கம் வெறுமனே போயிடுமேய்யா?" என்றான். அதில் நீயே எழுது என்றேன். எந்தச் செய்தியை எந்த நூலிலிருந்து எடுத்தாய், எது ஊரார் வாய்வழியாகக் கேட்டது, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனாயா இல்லையா, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுது. அணிந்துரை கட்டாயம் வேண்டுமென்றால், அந்தக் காலத்து ஆவணங்களைத் தொட்டு வேலை செய்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் கேள், அவருக்கு ஒரு மாதமாவது கொடு என்றேன். ஜூலை 10 அடுத்த வருடமும் வரும் என்று சொன்னபோது பதில் பேசாமல் வைத்துவிட்டான்.

நேற்று இரவு அந்த நாலு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கைக்கு எனக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, முதல் பிரதியில் எழுதியிருந்ததை நீக்கிவிட்டேன்."