நாலு நிமிட வாய்ஸும் நாற்பது மிளகுக்கொடியும்

ஞாயிற்றுக்கிழமை நம்ம மிளகு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப விவரிக்கப் போவதில்லை. ஆனால் மருந்து கலக்கும் முறையை நான் எழுதிப் போட்டதும், "இவ்வளவு நீளமா எழுதினா யாரு படிப்பாங்க, ஒரு வாய்ஸ் போட்டா முடிஞ்சது, நாலெழுத்து படிச்சிட்டா இப்படித்தான்" என்று ஒரு பெரியவர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்றைக்குப் பேசுகிறேன்.

நான் அன்று போட்டது, மிளகுக்கொடிக்கு வாடல் வராமல் அடிக்கும் போர்டோ கலவை என்ற மருந்தைத் தயாரிக்கும் முறை. ஐப்பசி மழைக்கு முன்னால் மிளகுக்கு அடிக்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அளவும் வரிசையும் உள்ள வேலை அது. அப்படிப்பட்ட எந்த வேலையையும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இதில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் ஆனி மாதம், முதல் மழை பெய்து கொடிகள் தளிர்விட்டிருந்த நேரம். தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர்தான். காபிக்கு நடுவே சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறோம். வாடல் வந்துவிடக்கூடாதே என்று மருந்தடிக்க ஏற்பாடு செய்தேன். அன்று நான் வத்தலக்குண்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் எங்கள் சொந்தத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம், வேலை செய்யும் அண்ணனுக்கு முறையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் வாய்ஸ் அனுப்பினார். நாலு நிமிடம் பத்து விநாடி. நல்ல மனதோடுதான் அனுப்பினார், அதை நான் மறுக்கவில்லை.

அந்த வாய்ஸில் எல்லாமே இருந்தது. ஒன்று கூடத் தவறில்லை. மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். துத்தத்தை ஐம்பது லிட்டரில், சுண்ணாம்பை ஐம்பது லிட்டரில் தனித்தனியே கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. சொல்லிக்கொண்டே வந்து நடுவில் மிளகு விலை பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டார். அதற்கு அப்புறம், மூன்றரை நிமிடத்தில், "ஆங், சுண்ணாம்பு பழசா இருந்தா கூடுதலாப் போடணும், கத்தியை முக்கிப் பார்த்துக்கோ" என்று வந்தது. அவ்வளவுதான். கத்தியை எதற்காக முக்க வேண்டும், என்ன தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரே மூச்சுக்குள் இருந்தன.

அண்ணன் டிரம் பக்கத்தில் கல்லின் மேல் போனை வைத்துக் கேட்டிருக்கிறார். கையுறை போட்ட கை, அதில் நீலத் தண்ணீர். நிறுத்தி நிறுத்திக் கேட்க முடியாது. மிளகு விலைப் பேச்சு வந்ததும் விஷயம் முடிந்துவிட்டது என்று போனைத் தள்ளி வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்கள் கொட்டகையில் இருந்தது முந்தின பருவத்தில் பிரித்த சுண்ணாம்பு மூட்டை. காற்றுப் பட்டுக் கிடந்த சுண்ணாம்பு வீரியம் போய் வெறும் மாவாகிவிடும். எடை அதே ஒரு கிலோதான் காட்டும், ஆனால் துத்தத்தின் புளிப்பை அடக்கும் சக்தி அதில் இருக்காது. அப்படிக் கலந்தால் துத்தத்தில் இருக்கும் செம்பு முழுதாகப் பிடிபடாமல் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். அது இளந்தளிரைச் சுட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கத்தி. துரு இல்லாமல் தேய்த்த இரும்புக் கத்தியையோ அரிவாளையோ கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால், செம்பு மிச்சம் இருக்கும்போது இரும்பின் மேல் செம்பழுப்பாகப் படியும். படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கி மறுபடி முக்க வேண்டும். கத்தி வெள்ளையாகவே வரும்வரை தெளிக்கக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் யாரும் கத்தியை முக்கவில்லை. சில நாளில் நாற்பது கொடிகளின் நுனித்தளிர் கருகிவிட்டது. மிளகில் சரம் புதுத்தளிரோடு சேர்ந்து வருவது. தளிர் போனால் அந்த இடத்துச் சரமும் போயிற்று. அந்த வருடம் அந்தக் கொடிகளில் எனக்குக் கிடைத்தது என்ன என்பதை எழுத இப்போதும் மனசு வரவில்லை.

அண்ணன் மேல் கோபப்பட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. "வாய்ஸில் தெளிவாச் சொன்னாரே, ஏன் கேக்கல?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. ராத்திரி நானே உட்கார்ந்து அந்த வாய்ஸைக் கேட்டேன். கத்தி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க நாலு முறை முன்னும் பின்னும் தள்ளினேன். வீட்டில் உட்கார்ந்து காய்ந்த கையோடு எனக்கே நாலு முறை ஆயிற்று. மறுநாள் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எழுத்தில் இருந்திருந்தால் கண் தானாக அந்த வரியில் விழுந்திருக்கும். வாய்ஸில் எது முக்கியம் எது பேச்சு என்று காதுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே குரலில் ஓடிவிடும். மூன்று மாதம் கழித்து "சுண்ணாம்பு" என்று தேடினால் எழுதிய செய்தி வந்து நிற்கும். வாய்ஸுக்குள் தேட வழியில்லை, எந்த நாளில் யார் அனுப்பியது என்று மேலே மேலே போய்த் துழாவ வேண்டும். எழுதியதில் தவறு இருந்தால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் அதே இடத்தில் திருத்தலாம். வாய்ஸில் தவறினால் இன்னொரு வாய்ஸ் போட வேண்டும். முதலாவதை மட்டும் வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால், திருத்தம் அவர்களுக்குப் போய்ச் சேராது.

அளவு குழம்புவதும் அப்படித்தான். இதே கலவை மிளகுக்கு ஒரு சதவீதம், காபியில் இலைத்துரு நோய்க்கு அரை சதவீதம். நம்ம பக்கம் இரண்டும் ஒரே தோட்டத்தில் நிற்கின்றன. "அரை" என்று ஒருவர் வாயால் சொன்னால் அது அரை சதவீதமா, அரைக் கிலோவா, அரை டிரம்மா? ஸ்பிரேயர் மோட்டார் சத்தத்தில் அம்பதும் ஒம்பதும் ஒன்றாகக் கேட்கும். 50 என்று எழுதினால் அது 50 தான்.

இப்போது என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?" இந்தக் கேள்விக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவருக்கு நான் வாய்ஸ்தான் அனுப்புகிறேன். ஆனால் எப்படி அனுப்புகிறேன் தெரியுமா? முதலில் எழுதிக்கொள்கிறேன். அதைப் பார்த்து ஒரு வேலைக்கு ஒரு வாய்ஸ், இருபது விநாடிக்கு மேல் போகாமல் தனித்தனியாக அனுப்புகிறேன். ஒன்றைக் கேட்டு, செய்து முடித்து, அடுத்ததைத் தொடுவார். படிக்கத் தெரியாதவருக்காக வாய்ஸ் என்று சொல்பவர்கள் இந்த அளவு சிரமம் எடுக்கிறீர்களா? நாலு நிமிடத்தை ஒரே மூச்சில் பேசி அனுப்புவது யாருக்கு வசதி? பேசுகிறவருக்குத்தான்.

"தமிழில் டைப் அடிக்கக் கஷ்டம்." கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசினாலே எழுத்தாக வருகிறது. எண்களை மட்டும் ஒரு தடவை சரிபார்த்தால் போதும்.

"குரலில்தான் உயிர் இருக்கு." இருக்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போது எப்படிக் கொதித்து இரையும், பால் எந்தப் பதத்துக்கு வர வேண்டும் என்பதை ஒருவர் குரலில் கேட்டால் நன்றாகப் புரியும். அதை ஒரு சின்ன வீடியோவாகவே எடுத்துப் போடுங்கள், நானும் பார்ப்பேன். அளவை மட்டும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது இதுதான். நீளம் என்றீர்களே, எண்ணிப் பாருங்கள்.

மிளகுக்கு, 100 லிட்டர்:
1. மயில்துத்தம் 1 கிலோ. துணியில் கட்டி 50 லிட்டர் தண்ணீரில் முதல் நாள் ராத்திரி தொங்க விடவும். பிளாஸ்டிக் டிரம் மட்டும்.
2. சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, புது மூட்டை. தாளித்து, 50 லிட்டரில் கலக்கி, துணியில் வடிகட்டவும்.
3. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்கவும். மாற்றி ஊற்றக் கூடாது, திரிந்து நாசில் அடைக்கும்.
4. கத்தியை முக்கிப் பார்க்கவும். செம்பு படிந்தால் சுண்ணாம்புப் பால் கூட்டவும்.
5. அன்றைக்கே அடித்து முடிக்கவும். மறுநாள் ஆகாது.

ஐந்து வரி. நாற்பது கொடியை இழந்து எழுதிய ஐந்து வரி இது. இதைத்தான் படித்த திமிர் என்றீர்கள். நான் படித்தது வத்தலக்குண்டில் பன்னிரண்டாவது வரைதான். கத்தியை முக்குவதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கட்டைவிரல் போட்டவர்களில் நாலு பேர் போன வருடம் என் தோட்டத்துக்கு வந்து கருகிய கொடியைத் தொட்டுப் பார்த்து "அடடா" என்று சொன்னவர்கள். அவர்களும் போட்டதுதான் தாங்கவில்லை.

ஒரு பெண் எழுதினால் நீளம், ஒரு ஆண் நாலு நிமிடம் பேசினால் அனுபவம். இதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறேன் என்பீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. அன்று எனக்குப் பதிலாக வேறொருவர் வாய்ஸ் போட்டார், எல்லாரும் நன்றி சொன்னீர்கள். அதை முழுக்கக் கேட்டேன். அதில் சுண்ணாம்பு புதுசா பழசா என்ற பேச்சே இல்லை. கத்தியும் இல்லை. இந்த வாரம் அதைக் கேட்டு மருந்து கலக்கப் போகிறவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், தயவு செய்து நாலாவது வரியை மட்டுமாவது பேனாவால் ஒரு தாளில் எழுதி டிரம் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எங்கள் கொட்டகைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதை எழுதினது அண்ணன்தான், அவர் கையெழுத்தில்.